சோகப் பாட்டைக் குத்துப் பாட்டாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வரவேற்பு, வளைகாப்பு, அறுபதாம் கல்யாணம் என்று வீட்டு விசேஷங்களுக்குத் தெரிந்த மெட்டில் புது வரி எழுதித் தருவது என் வழக்கம். அதில் அதிகம் கேட்கப்படுவது ஒன்றுதான்: எல்லோருக்கும் மனப்பாடமான ஒரு சோகப் பாட்டை எடுத்து, மெட்டும் எழுத்துக் கணக்கும் மாறாமல் ஆட்டம் போடும் பாட்டாக்குவது. தாங்களே முயன்று பார்ப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் மாட்டுகிறார்கள். அந்தச் சந்தேகங்களைக் கேட்டவர்கள் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரண வரிகள் எல்லாம் இதற்காகவே எழுதியவை.

எழுத்து எண்ணணும்னா எப்படி எண்ணுறது? புள்ளி வச்ச எழுத்தும் சேருமா?

சேராது. உயிரையும் உயிர்மெய்யையும் மட்டும் எண்ணுங்கள். 'வாசல்' என்றால் வா, சல் என்று இரண்டு. 'பார்த்து' என்றால் பார்த், து என்று இரண்டு. வாய் எத்தனை தடவை திறக்கிறதோ அத்தனை. ஒற்று நீக்கி எண்ணும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் இல்லை. கட்டளைக் கலித்துறை என்ற பழைய பாட்டு வகையில் ஒரு வரி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணும்போதும் ஒற்றை விட்டுத்தான் எண்ணுவார்கள்.

ஆனால் எண்ணிக்கையில் சேராத ஒற்றுக்கு எடை உண்டு. 'பட' என்பதில் முதல் எழுத்து லேசு. 'பட்ட' என்பதில் அதே எழுத்து ட் வந்து முட்டுவதால் கனம். நெடிலும் கனம்தான். அடுத்த கேள்விக்கு இந்தக் கனம்–லேசு வித்தியாசம் வேண்டும்.

எட்டு எழுத்துக்கு எட்டு எழுத்து சரியாத்தான் போட்டேன். பாடிப் பார்த்தா உட்காரவே மாட்டேங்குதே?

மூல வரி இது என்று வைத்துக்கொள்வோம்:

வாசல் பார்த்து நாளும் போச்சு

ஒருவர் இதற்கு மாற்றாக 'கல்யாணம் நம்ம வீட்டிலே' என்று எழுதிக் காட்டினார். கல், யா, ணம், நம், ம, வீட், டி, லே. எட்டு எழுத்து, கணக்கில் குறை இல்லை. ஆனால் மூல வரி இரண்டிரண்டாக நடக்கிறது: வாசல், பார்த்து, நாளும், போச்சு. ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எழுத்து கனம், தாளத்தின் அடி அதன் மேல்தான் விழுகிறது. புது வரியை அப்படியே வெட்டினால் கல்யா, ணம்நம், மவீட், டிலே என்று வரும். மூன்றாவது ஜோடியில் அடி 'ம' மேல் விழுந்து 'வீட்' கீழே போய்விட்டது. நான்காவதில் 'டி' மேல் அடி. பாடுகிறவர் எப்படியாவது சரிக்கட்டப் பார்ப்பார், கேட்கிறவருக்கு 'நம் மாவீட்' என்று காதில் விழும்.

அதே சேதியை 'நம்ம வீட்டில் மேளச் சத்தம்' என்று மாற்றினால் நான்கு அடியும் நம், வீட், மே, சத் ஆகியவற்றின் மேல் நேராக விழுகிறது. கல்யாணம் என்ற சொல் போய்விட்டதே என்றால், மேளச் சத்தம் கேட்கிற வீட்டில் வேறென்ன நடக்கும்?

தத்தகாரம் போடத் தெரியாது. அது இல்லாம முடியாதா?

முடியும், ஆனால் இரட்டிப்பு வேலை. தத்தகாரத்துக்குச் சங்கீத ஞானம் வேண்டியதில்லை. கனமான எழுத்து வரும் இடத்தில் தா அல்லது தன், லேசான இடத்தில் ன, அது ஒற்றோடு முடிந்தால் னன். மேலே சொன்ன வரி 'தானன் தான தானன் தான'. பாட்டை ஓடவிட்டு, வரிகளை மறந்து, வாய்க்குள் இதை மட்டும் பாடி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல்லவி முழுவதற்கும் இது முடிந்த பிறகு மூல வரிகளை மூடி வைத்துவிடுங்கள். அவற்றைப் பார்த்துக்கொண்டே எழுதினால் பழைய வரியின் சொற்கள் கையைப் பிடித்து இழுக்கும், சோகமும் கூடவே வந்துவிடும்.

கனம்–லேசு தவறினால் வெறும் ஓசைக் கோளாறோடு நிற்காது, அர்த்தமே மாறும். 'வாசல்' இருந்த இடத்தில் 'படம்' என்று போட்டால் அந்த எழுத்தை இழுத்துத்தான் ஆகவேண்டும், அது 'பாடம்' ஆகிவிடும். 'கலை' காலையாகும், 'கனா' கானாவாகும். குறில்–நெடிலில் உயிர் வைத்திருக்கும் மொழியில் எழுதுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது.

துண்டு துண்டா சொல்லாம ஒரு பல்லவியை முழுசா மாத்திக் காட்டுங்களேன்.

சோகம் இப்படி:

வாசல் பார்த்து நாளும் போச்சு
வாடும் பூவாய் ஏங்கும் மூச்சு
ஆசை சொன்ன வார்த்தை எல்லாம்
ஓடும் நீரில் கோலம் ஆச்சு

வரிக்கு எட்டு எழுத்து. 1, 2, 4-ஆம் வரிகள் 'ச்சு' என்று முடிகின்றன. மூன்றாவது மட்டும் நெடிலில், 'லாம்' என்று இழுத்து நிற்க இடம் கொடுக்கிறது. வாசல்–ஆசை, வாடும்–ஓடும் என்று ஒன்றுவிட்டு ஒன்று எதுகை. முதலிரண்டு வரிக்கும் வா–வா மோனை. இதையெல்லாம் குறித்துக்கொண்ட பிறகு, கல்யாண வீட்டுக்கு:

வாசல் எங்கும் மேளப் பேச்சு
ஆடிப் பாடி வாங்கும் மூச்சு
ஆசை வச்ச மாமன் வந்தான்
கூடும் சொந்தம் பந்தல் ஆச்சு

எண்ணிப் பாருங்கள், எட்டு எட்டுதான். 'எல்லாம்' நின்ற இடத்தில் 'வந்தான்', எடையும் ஒன்றே, இழுக்க 'தான்' கிடைக்கிறது. 'மூச்சு' என்ற சொல்லை அசைக்கவே இல்லை. ஏங்கிய மூச்சு இப்போது ஆடிக் களைத்து வாங்கும் மூச்சு, அதற்கு முன்னால் வரும் சொற்கள் மாறியதில் வரியே திரும்பிவிட்டது. வாசல்–ஆசை எதுகை அப்படியே நிற்கிறது, வாடும்–ஓடும் போய் ஆடி–கூடும் வந்தது. முதலிரண்டு வரியின் மோனை கைவிட்டுப் போனது, பதிலுக்கு ஆடி–ஆசை மோனை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் கிடைத்தது. எனக்கு இந்த வியாபாரம் சம்மதம்.

நான்காம் வரியில் 'கூடும் ஊரே' என்றுதான் முதலில் கைக்கு வரும். ஆனால் 'ரே' நெடில், விழுவதோ லேசான இடத்தில். மெதுவான பாட்டில் அது யாருக்கும் தெரியாது. வேகத்தில் 'ஊரெ' என்று குறுகிவிடும். 'சொந்தம்' போட்டால் அந்தத் தொல்லை இல்லை, அடுத்து வரும் 'பந்த'லோடு சேர்ந்து சொந்தபந்தம் என்று காதுக்குள் ஒலிக்கவும் செய்கிறது.

சோக வார்த்தைக்குப் பின்னாடி 'இல்லை' சேர்த்துட்டா போதாதா? 'கண்ணீர் இல்லை, கவலை இல்லை'ன்னு?

படித்தால் சரி, பாட்டில் வேலை செய்யாது. வேகமாக ஓடும் பாட்டில் காது பிடிப்பது தாளத்தின் அடி விழும் சொல்லை. அங்கே 'கண்ணீர்' உட்கார்ந்திருந்தால் கூட்டத்துக்குக் கேட்பது கண்ணீர்தான், பின்னால் வரும் 'இல்லை' மேளத்துக்குள் போய்விடும். 'அழாதே', 'வாடாதே' இரண்டுக்கும் இதே கதி.

மறுப்பதற்குப் பதில் அந்த இடத்தில் கண்ணால் பார்க்கும்படி, காதால் கேட்கும்படி ஒன்றை வையுங்கள். மேளம், பந்தல், பூச்சரம், பந்திக்கு முந்தும் மாமா. 'இன்பம்', 'மகிழ்ச்சி', 'சந்தோஷம்' என்று உணர்ச்சியின் பெயரைச் சொல்வதும் எனக்குப் பிடிப்பதில்லை. பெயரைச் சொன்னால் ஆட வராது. அப்புறம் வினைச்சொற்களைப் பாருங்கள். சோகப் பாட்டில் அனேகமாக எல்லாம் நடந்து முடிந்தவை: போச்சு, சொன்ன, நின்ற. புதியதில் இரண்டு வினையாவது இப்போது நடப்பதாக, அதுவும் உடம்பு அசைவதாக இருக்கட்டும்.

எதுகை, மோனை, இயைபு மூணையும் காப்பாத்த முடியலை. எதை விடலாம்?

மோனையை முதலில் விடலாம். எதுகை, இயைபு இரண்டில் எது என்றால் வேகத்தைப் பொறுத்தது. வரி எட்டு வினாடி ஓடுகிற மெதுவான பாட்டில் முந்தைய வரியின் முடிவு மறந்துவிடும், வரித் தொடக்கத்தில் வரும் எதுகைதான் பாட்டைக் கட்டிப்போடும். வேகமான பாட்டில் வரி முடிவுகள் அடுத்தடுத்து வந்து விழுவதால் இயைபு பளிச்சென்று கேட்கும், கூட்டம் கூடச் சேர்ந்து கத்துவதும் அந்த முடிவைத்தான். அதனால் இந்த மாற்று வேலையில் இயைபு எனக்கு முதல், எதுகை அடுத்து.

எதுகைக்கு இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதாது, முதல் எழுத்தின் அளவும் ஒக்கவேண்டும். 'வாசல்' என்பதற்கு 'ஆசை' சேரும், 'பசி' சேராது. ஏற்கெனவே தத்தகாரம் போட்டிருந்தால் இந்த விதி தானாகவே காப்பாற்றப்படும், ஏனென்றால் முதல் இடம் கனம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது.

பழைய இயைபு ஓசையையே வச்சுக்கணுமா, புதுசா ஒண்ணு எடுக்கலாமா?

சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் பழைய ஓசை இருந்தால், கேட்கிறவர் 'அட, அந்தப் பாட்டு' என்று முதல் வரியிலேயே பிடித்துக்கொள்வார். அந்தச் சிரிப்புக்காகத்தானே இந்த வேலை. எழுத உட்காரும் முன் அந்த ஓசையில் முடியும் சொற்களை ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். 'ச்சு' என்றால் பேச்சு, மூச்சு, வீச்சு, ஆச்சு, வந்தாச்சு. இந்தப் பட்டியலிலிருந்து பின்னோக்கி வரியை எழுதுங்கள். முன்னாலிருந்து எழுதிக்கொண்டு போனால் கடைசிச் சொல்லில் மாட்டிக்கொண்டு 'ஆச்சு, போச்சு' என்று திரும்பத் திரும்பப் போட நேரும்.

சில ஓசைகள் இதற்கு இடம் தராது. 'கண்ணீரே, வெந்நீரே' என்று போகிற பாட்டில் 'நீரே' என்று முடியும் உற்சாகமான சொல் பன்னீரைத் தவிர எனக்குத் தோன்றவில்லை. அங்கே ஓசையை மாற்றிவிடுங்கள். ஆனால் ஏ என்ற கடைசி உயிரையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வேகம் கூட்டலாம்? ரெண்டு மடங்கு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு 60 அடி, அடிக்கு ஓர் எழுத்து என்றால் நம் எட்டெழுத்து வரி ஆதி தாளத்தின் ஒரு சுற்றை, அதாவது எட்டு வினாடியை, எடுத்துக்கொள்ளும். 120 அடிக்குப் போய், அடிக்கு இரண்டெழுத்து என்று பாடினால் அதே வரி இரண்டு வினாடியில் முடிந்துவிடும். 32 வினாடிப் பல்லவி எட்டு வினாடிதான். ஆட வந்தவர் கையைத் தூக்குவதற்குள் சரணம் வந்துவிடும்.

நான் சொல்வது 100 அடி அளவு, அதுவும் திச்ர நடையில். ஓர் அடியை மூன்றாகப் பிரித்து, கனமான எழுத்துக்கு இரண்டு பங்கு, லேசானதுக்கு ஒன்று. வா–அ–சல், ஆ–அ–டிப். நம் ஜோடிகள் எல்லாம் கனம்–லேசு என்று இருப்பதால் எழுத்து ஒன்றையும் மாற்றாமல் இது பொருந்துகிறது, கிராமத்து ஆட்டத்தின் துள்ளலும் வந்துவிடுகிறது. வரிக்கு இரண்டரை வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு வரியையும் இரண்டு தடவை பாடி, இரண்டாம் தடவையில் வரி முடிவைக் கூட்டத்திடம் விட்டுவிட்டால் பல்லவிக்குத் தேவையான நீளம் கிடைக்கும். மூலப் பாட்டு லேசு–கனம் என்று நடக்குமானால் (தனா தனா) இந்த வித்தை பலிக்காது, நான்கு பங்காகவே பிரித்து வேகம் கூட்டுங்கள்.

வேகமா பாடும்போது நாக்கு சுத்திக்குது. வரிதான் காரணமா?

பெரும்பாலும் வரிதான். 'பார்த்து', 'சேர்த்து', 'வாழ்த்து' மாதிரி ஒற்றுக்கு மேல் ஒற்று வருவதும், ழகரமும் ளகரமும் பக்கத்தில் வருவதும் வேகத்துக்கு ஆகாது. மெதுவான பாட்டில் இவைதான் அழகு, பாடகர் நின்று நிதானமாகச் சொல்வார். புதியதில் பேச்சு வழக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'பாத்து', 'சேத்து', 'வச்ச'. எழுத்துக் கணக்கு மாறாது, நாக்குக்கு விடுதலை.

க்க, ச்ச, ட்ட, ப்ப போன்ற இரட்டை வல்லினம் வேகத்தில் கைத்தட்டல் மாதிரி தெறிக்கும். அடி விழும் எழுத்தோடு அதை ஒட்டி வையுங்கள்.

மூலப் பாட்டுல ஒரே எழுத்தை அஞ்சாறு சுரத்துக்கு இழுக்கிறாங்க. அதை எத்தனைன்னு எண்ணுறது?

ஒன்று. முதல் கேள்வியில் சொன்ன விதிதான், வாய் ஒரு தடவைதான் திறக்கிறது. தத்தகாரத் தாளில் அந்த எழுத்துக்குப் பின்னால் கோடு போட்டு வையுங்கள். வேகம் கூட்டும்போது அந்த நெளிவுக்கு நேரம் இருக்காது. ஒன்று நெளிவை வெட்டி நேர்ச் சுரமாகப் பாடவேண்டும், அல்லது அந்த இடத்தை 'ஹேய்', 'ஏலே' போன்ற கூவலுக்குக் கொடுக்கவேண்டும். சுரத்துக்கு ஓர் எழுத்தாகப் புதுச் சொல் திணிப்பதைச் சிலர் செய்கிறார்கள். அப்புறம் அது வேறு பாட்டு.

இழுப்பு அப்படியே இருக்கப்போகிற இடம் என்றால் அங்கே ஆ, ஏ, ஓ வேண்டும். 'ச்சு' போன்ற குற்றியலுகரத்தில் நிற்க முடியாது, அதற்கு முந்திய 'போ', 'மூ' மேல்தான் நிற்பார்கள்.

சேதியைச் சொல்ல ஒரெழுத்து கூடுதலா வேணும். சேர்த்துக்கலாமா?

கனமான ஓர் எழுத்தை இரண்டு குறிலாக உடைக்கலாம். 'மாமன் வந்தான்' என்பதில் 'மா' இருக்கும் நேரத்துக்குள் இரண்டு குறில் அடங்கும், ஆகவே 'மருமகன் வந்தான்' என்றுகூடப் பாட முடியும்: மரு 'மா' இருந்த இடத்துக்குள், மகன் 'மன்' இருந்த மிச்சத்துக்குள். ஆனால் இப்போது ஒன்றுக்குப் பதில் இரண்டு எழுத்து கூடி, மூன்று பங்கில் நான்கு எழுத்து நெருக்குகிறது, வேகத்தில் 'மர்மகன்' என்றே கேட்கும். வரிக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம், முதல் அடியில் வேண்டவே வேண்டாம்.

பெயர் சேர்க்கக் கேட்கும்போதுதான் இந்தச் சிக்கல் அதிகம். மாப்பிள்ளை பெயர் ஐந்தெழுத்து, வரியில் இடம் நான்கு. அங்கே பெயரைச் சுருக்கிக் கூப்பிடும் செல்லப் பெயரைக் கேட்டு வாங்குவேன். பாட்டி மட்டும் கூப்பிடும் பெயராக இருந்தால் இன்னும் நல்லது.

மெட்டே அழுகிற மெட்டு. வரி மட்டும் மாறினா போதுமா?

பல சமயம் வேகமும் நடையும் மாறினாலே போதும். ஆட்டம் போட வைக்கும் எத்தனையோ மெட்டுகள், சோகத்துக்கும் பயன்படும் நடபைரவி ராகத்தின் சுரங்களில்தான் நடக்கின்றன. அப்படியும் அழுகை போகவில்லை என்றால் கீபோர்டு வாசிப்பவரிடம் சொல்லி நடபைரவியைச் சங்கராபரணமாக்கிப் பார்க்கலாம். மாறுவது க, த, நி மூன்றும்தான், ரி, ம, ப நகராது. எழுத்துக் கணக்கை இது தொடாது. ஆனால் மெட்டு அடையாளம் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு, அதனால் இது எனக்குக் கடைசி வழி.

எல்லாத்தையும் மாத்திட்டா மூலப் பாட்டு எதுன்னே தெரியாம போயிடாதா?

போகும். அதனால்தான் முதல் சொல்லை நான் மாற்றுவதில்லை. மேலே உள்ள பல்லவியில் 'வாசல்' அப்படியே இருக்கிறது. பாடகர் 'வாசல்' என்று பழைய வேகத்தில் இழுத்து நிறுத்தி, கூட்டம் அமைதியானதும் மேளம் விழ, 'எங்கும் மேளப் பேச்சு' என்று பாய்வார். அந்த நிறுத்தத்துக்கு முதல் சொல்லின் முடிவில் வெட்டு இருக்கவேண்டும். அடுத்த சொல்லோடு ஒட்டிப்போகும் தொடக்கமானால் இதைச் செய்ய முடியாது.

இதை யூடியூபில் போடலாமா? உரிமை கேட்டு வம்பு வருமா?

வரலாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு இன்னொன்று. வரி முழுக்க உங்களுடையதாக இருந்தாலும் மெட்டு இன்னொருவருடையது. கவர் பாட்டுக்கு 31சி பிரிவில் உரிமம் பெற வழி இருக்கிறதே என்பார்கள். அது வரியையோ இசையையோ விருப்பப்படி மாற்ற இடம் தருவதில்லை, ஆகவே நம் வேலைக்கு உதவாது. எழுதியவர் தம் படைப்பைச் சிதைத்ததாக 57-ஆம் பிரிவில் ஆட்சேபிக்கவும் முடியும்.

கல்யாணத்தில் பாடுவது வேறு. கல்யாண ஊர்வலத்திலும் அதை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டை நிகழ்த்துவதற்கு 52-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. அந்த வீடியோவை இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு நீளாது. ஏற்றத்தான் வேண்டும் என்றால் மெட்டின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு மாதிரி யாருடையதும் அல்லாத நாட்டுப்புற மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இசையமைத்தவர் இறந்து 60 ஆண்டு தாண்டிய மெட்டுக்கும் தடையில்லை, ஆனால் பழைய இசைத்தட்டையோ படத்தின் ஒலிப்பதிவையோ பின்னணியாக ஓடவிடாமல் நீங்களே வாசித்துக்கொள்வது நல்லது.